சத்தத்தை முன்னால் இழுக்க முடியாது

"இப்பெல்லாம் யாருங்க வயர் போடறாங்க?"

சவுண்ட்பார் விற்கிற கடைகளில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. கேட்பவரும் வெட்கப்பட்டுக்கொண்டு, கம்பியைப் பற்றிக் கேட்டதே தப்பு என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, ப்ளூடூத் 5.3 என்று பெரிதாக அச்சடித்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். டிவியோடு ஜோடி சேர்க்கிறார். போனில் இருக்கும் படத்தை டிவியில் விடுகிறார். நடிகர் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. சவுண்ட்பார் மட்டம் என்று முதலில் முடிவாகிறது. பிறகு டிவி பழசு, அப்புறம் போன் மலிவு, கடைசியில் வீட்டு வைஃபை சரியில்லை. எல்லோரும் குற்றவாளிகள், அந்த ஒரு இணைப்பைத் தவிர! இருபதாயிரத்தில் புது சவுண்ட்பார் வாங்கினால் சரியாகிவிடும் என்று அதே கடை ஆலோசனையும் சொல்கிறது. அதையும் ப்ளூடூத்தில்தான் மாட்டப்போகிறார்கள் என்பதைக் கடையும் சொல்லாது, வாங்குகிறவரும் கேட்கமாட்டார். ஒரு கம்பியில் கடைக்குக் கிடைக்கும் லாபத்தையும் ஒரு சவுண்ட்பாரில் கிடைக்கும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், இந்த ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிடும். அதற்கு பி.காம் எல்லாம் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ப்ளூடூத்தில் சத்தம் ஏன் பிந்துகிறது?

டிவி அந்தச் சத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சுருக்கிக் கட்டி அனுப்புகிறது. அது போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒரு பொதுச் சந்தை மாதிரி. வைஃபை, வயரில்லா மவுஸ், ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான் இடித்துக்கொண்டு நடமாடுகின்றன. சில பொட்டலங்கள் வழியில் தொலையும், திரும்ப அனுப்ப வேண்டும். அப்போது பாட்டு விட்டுவிட்டு வராமல் இருப்பதற்காக, சவுண்ட்பார் கொஞ்சம் சத்தத்தை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு நிதானமாக வாசிக்கிறது. கட்டுவது, அனுப்புவது, சேமிப்பது, பிரிப்பது எல்லாம் சேர்ந்து, சாதாரண ப்ளூடூத்தில் சுமார் 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகிவிடுகிறது. பெட்டியில் 5.0 போட்டிருக்கிறதா 5.3 போட்டிருக்கிறதா என்பதை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. சத்தத்தை எந்த முறையில் சுருக்குகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். தாமதம் குறைந்த முறைகளும் இருக்கின்றன, இல்லாமலில்லை. ஆனால் அனுப்பும் பெட்டி, வாங்கும் பெட்டி இரண்டிலும் அதே முறை இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றால் சத்தமில்லாமல் பழைய முறைக்கே இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாமல்.

200 மில்லி விநாடி என்பது கண்ணிமைக்கும் நேரம்தானே என்று தோன்றும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியென்றால் 200 மில்லி விநாடி என்பது கிட்டத்தட்ட 69 மீட்டர். ஆற்றின் எதிர்க்கரையில் ஒருவர் துணியை ஓங்கிக் கல்லில் அடிப்பதையும், துணி திரும்ப மேலே போன பிறகு சத்தம் வந்து சேர்வதையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கிற டிவியை எதிர்க்கரையில் கொண்டுபோய் வைத்ததற்குச் சமம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்குக் கணக்கே இருக்கிறது. சத்தம் படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பிந்துவதாக இருந்தால் சுமார் 125 வரை அவர்களுக்குத் தெரியாது. முந்துவதை மனிதன் மன்னிப்பதே இல்லை. இடி என்றைக்காவது மின்னலுக்கு முன்னால் வந்ததுண்டா? பிந்துவதற்குப் பழகிய காதுகூட 200-ஐத் தாங்காது.

"எங்க வீட்ல போனையும் ப்ளூடூத் ஹெட்செட்டையும் வெச்சு படம் பார்த்தா நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். நியாயமான கேள்வி. வீடியோ செயலிகள் பெரும்பாலும் ஒரு தந்திரம் செய்கின்றன. ஹெட்செட்டில் சத்தம் எவ்வளவு தாமதமாக ஒலிக்கும் என்று போன் ஒரு மதிப்பீடு வைத்திருக்கிறது. செயலி அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, திரையில் படத்தையும் அதே அளவு நிறுத்தி வைத்துக் காட்டுகிறது. இரண்டுமே பிந்துகின்றன, அதனால் சேர்ந்து வருவதுபோல் இருக்கிறது. அதே ஹெட்செட்டோடு ஒரு பியானோ செயலியைத் திறந்து கட்டையைத் தட்டிப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். விரல் பட்டபின் தாமதித்துத்தான் சுரம் வரும். படத்தை நிறுத்தி வைக்கிற பெட்டியும் சத்தத்தை அனுப்புகிற பெட்டியும் ஒன்றாக இருக்கும்வரை இந்தத் தந்திரம் பலிக்கும். போன், டிவி, சவுண்ட்பார் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டால், டிவி எவ்வளவு தாமதிக்கிறது என்று போனுக்குத் தெரியாது, சவுண்ட்பார் எவ்வளவு தாமதிக்கிறது என்று பல டிவிகளுக்குத் தெரியாது.

ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் பையன், அவனுடைய அம்மாயி. அம்மாயிக்குக் காது மந்தம். எதிரில் பேசுகிறவரின் வாயைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் பிடிப்பார். அவருக்காகத்தான் சவுண்ட்பாரே வாங்கியது. பேத்தி கல்யாணத்தில் போனில் எடுத்த வீடியோவை டிவியில் போட்டதும் அவர் கேட்டது:

"ஏங்கண்ணு, வாய் மொதல்ல அசையுது, பேச்சு பொறகால வருது?"

மற்றவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். வாயைப் பார்த்துக் கேட்கிறவருக்கு உதடு ஒரு வார்த்தையும் காது இன்னொரு வார்த்தையும் சொன்னால் இரண்டுமே பிரயோஜனம் இல்லை. சவுண்ட்பார் வருவதற்கு முன்னால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அவருக்கு இதைவிட நன்றாகப் புரிந்தது என்பதுதான் இதில் கொடுமை. காசு கொடுத்து வாங்கிய கேடு!

பையன் முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். சவுண்ட்பார் ரிமோட்டில் `AV SYNC` என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கி எண்ணை ஏற்றினான். 50, 100, 150... ஏற்ற ஏற்ற இன்னும் மோசம். பொத்தான் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டினான். உண்மையில் அது கச்சிதமாக வேலை செய்தது. சவுண்ட்பாரில் இருக்கும் அந்தப் பொத்தான் சத்தத்தைத் தாமதப்படுத்தத்தான் முடியும். ஏற்கனவே பிந்தி வரும் சத்தத்தை இன்னும் பிடித்து வைத்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஏன் அந்த எண் போகவில்லை என்றால், இன்னும் வந்து சேராத சத்தத்தை எந்தப் பெட்டியாலும் முன்கூட்டியே வாசிக்க முடியாது.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை கையேடுகளில் அச்சடித்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கலாம். 'ஒலியும் ஒளியும் பொருந்தச் சரிசெய்யவும்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். எந்தப் பக்கம், எப்போது என்று போடமாட்டார்கள். ரிமோட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் தப்பான திசையில்தான் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

பையன் அடுத்துச் செய்தது உருப்படியானது. எங்கே பிந்துகிறது என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தான். அதே வீடியோவைப் போனிலேயே, போன் ஸ்பீக்கரிலேயே ஓட்டினான். தவில்காரர் கை விழும்போதே அடி விழுந்தது. ஆக வீடியோவில் கோளாறில்லை. அடுத்து போன் திரையை டிவிக்கு அப்படியே பிரதிபலித்து, சவுண்ட்பாரை அணைத்துவிட்டு டிவி ஸ்பீக்கரில் கேட்டான். டிவித் திரை போன் திரையைவிடப் பிந்தி ஓடியது, ஆனால் டிவிக்குள் தவிலும் கையும் சேர்ந்தே இருந்தன. பிரதிபலிக்கும்போது படமும் சத்தமும் ஒரே மூட்டையாகப் போகின்றன, மூட்டையே தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மிச்சம் இருப்பது ஒரே கண்ணி. டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குப் போகும் ப்ளூடூத்.

(இந்தச் சோதனைக்குத் தவில் மாதிரி உசத்தி வேறில்லை. கை தட்டும் வீடியோவும் பரவாயில்லை. சினிமா வசனத்தை வைத்து மட்டும் பார்க்கவே கூடாது. டப்பிங் படமென்றால் உதடு எப்போதுமே ஒட்டாது, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்த கதையாகிவிடும்.)

எவ்வளவு பிந்துகிறது? வீடியோவைப் போனில் `VLC` செயலியில் திறந்தால் ஒலித் தாமதத்தை மாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கழித்தல் குறியும் போடலாம். -100 போட்டான், பற்றவில்லை. -250 போட்டான், அடி கைக்கு முன்னால் விழுந்தது. -200-ல் உட்கார்ந்தது. சத்தத்தை முன்னால் இழுக்க முடியாது என்றோமே, இதெப்படி? முழுக் கோப்பும் செயலியின் கையில் இருக்கிறது. அடுத்து வரப்போகும் சத்தம் என்ன என்று அதற்கு முன்பே தெரியும். படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் முதலில் அனுப்ப அதனால் முடியும். வழியில் நிற்கும் டிவிக்கோ கடைசியில் நிற்கும் சவுண்ட்பாருக்கோ அந்த வசதி இல்லை. சில டிவிகள் ப்ளூடூத் இணைத்தால் படத்தை நிறுத்தி வைக்கும் வசதியோடு வருகின்றன. இருந்தால் அதிர்ஷ்டம், பயன்படுத்திக்கொள்ளலாம். படத்தை மெருகேற்றும் வேலைகளைக் கூட்டிவிட்டாலும் படம் கொஞ்சம் தாமதிக்கும், `Game Mode` போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டாலும் தாமதிக்கும். 200-ஐ அடைக்க அதெல்லாம் போதாது.

-200 போட்டு அன்றைக்குக் கல்யாண வீடியோ பார்த்தார்கள். ஆனால் அது நிரந்தர வைத்தியமில்லை. மற்ற செயலிகளில் அந்தக் கழித்தல் குறி கிடைக்காது, நேரலைச் செய்திக்குக் கிடைக்கவே கிடைக்காது. ப்ளூடூத் ஒரு தடவை அறுந்து மறுபடி சேர்ந்தால் தாமதமே வேறாகவும் இருக்கலாம். தினம் தினம் அளந்துகொண்டிருக்க முடியுமா?

கடைசியில் தீர்த்தது ஒரு எச்டிஎம்ஐ கம்பி. சில நூறு ரூபாய்.

டிவிக்குப் பின்னால் இரண்டு மூன்று எச்டிஎம்ஐ ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்றில் மட்டும் பொடி எழுத்தில் `ARC` அல்லது `eARC` என்று போட்டிருக்கும். கம்பியின் ஒரு முனை அதில்தான் போக வேண்டும், மற்ற ஓட்டைகளில் சத்தம் திரும்பி வராது. மறுமுனை சவுண்ட்பாரில் அதே எழுத்துப் போட்ட ஓட்டையில். 2009-ல் வந்த வசதி இது, டிவியிலிருந்து சத்தத்தை அதே கம்பியில் வெளியே கொண்டுவருவது. பிறகு டிவி அமைப்பில் ஒலி வெளியேறும் இடத்தை ப்ளூடூத்திலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்ற வேண்டும். பெட்டிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி அணைந்திருந்தால் அதையும் போட வேண்டும், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருக்கிறது. சத்தமே வரவில்லையென்றால் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். டிஜிட்டல் ஒலி வடிவத்தை `PCM` என்று வைத்துவிட்டால் சவுண்ட்பாருக்குப் பிரித்தெடுக்கும் வேலை மிச்சம், தாமதமும் குறையும்.

அந்த வீட்டில் இதைச் செய்ததும் சத்தம் இந்தப் பக்கம் சாய்ந்தது! இப்போது தவில் அடி கைக்கு ஒரு இம்மி முன்னால் விழுந்தது. கம்பியில் சத்தம் உடனே போய்விடுகிறது. டிவி மட்டும் படத்தைக் கழுவித் துடைத்து மெருகேற்றிக் காட்ட நேரம் எடுக்கிறது. தன் சொந்த ஸ்பீக்கருக்கு டிவி இதைக் கணக்குப் பார்த்து ஈடுகட்டிவிடும், வெளியே போகும் சத்தத்துக்கு எல்லா டிவியும் ஒழுங்காக ஈடுகட்டுவதில்லை. 2017-ல் வந்த `eARC` முறையில் டிவியும் சவுண்ட்பாரும் தாங்களே பேசிச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு கட்டாயமாக இருக்கிறது. பழைய `ARC` மட்டும் இருந்தால் கையால்தான் செய்ய வேண்டும்.

முந்துகிற சத்தம்தானே? இப்போதுதான் அந்த `AV SYNC` பொத்தானுக்கு வேலை. பையன் எண்ணை ஏற்றினான். 40-ல் முந்துவது நின்றது. 120-க்கு மேல் பிந்துவது தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே 80-ல் நிறுத்தினான். இதே பொத்தானைத்தான் ஒரு வாரம் முன்னால் உதவாது என்று திட்டினான்.

இதற்கு மாறாகச் சொல்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் பார்த்துவிடலாம். கம்பி அசிங்கமாகத் தொங்கும், போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது என்பார்கள். பாட்டு மட்டும் கேட்பதென்றால் ப்ளூடூத் தாராளமாகப் போதும். பார்ப்பதற்கு எதுவும் இல்லாதபோது 200 மில்லி விநாடி பிந்தினால் யாருக்கு என்ன? படம் பார்க்கும்போதும் போனுக்கும் டிவிக்கும் நடுவே கம்பி தேவையில்லை. யூட்யூப் செயலியில் மூலையில் இருக்கும் காஸ்ட் குறியைத் தொட்டால் போன் வெறும் ரிமோட் ஆகிவிடுகிறது. டிவியே நேராக இணையத்திலிருந்து வீடியோவை எடுக்கிறது, படமும் சத்தமும் ஒரே பெட்டியில் பிரிகின்றன. ஆக வயரில்லாமல் இருப்பது குற்றமில்லை. படத்தை ஒரு வழியிலும் சத்தத்தை இன்னொரு வழியிலும் அனுப்பிவிட்டு இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும் என்று எதிர்பார்ப்பதுதான் குற்றம். அந்தக் குற்றத்தைக் கம்பியாலும் செய்யலாம். படத்தை வைஃபையில் டிவிக்கும், சத்தத்தை ஆக்ஸ் கம்பியில் நேராக சவுண்ட்பாருக்கும் அனுப்ப முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது சத்தம் எக்கச்சக்கமாக முந்தும், மனிதன் மன்னிக்காத பக்கம். சுவரில் பதித்த டிவிக்கும் அதன் அடியில் இருக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவே ஒரு முழக் கம்பி, அது யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. அழகு கெடுகிறது என்கிற வாதம் அந்த ஒரு முழத்துக்கு எடுபடாது.

`ARC` இல்லாத பழைய டிவி என்றால் ஆப்டிகல் கம்பி. அதன் முனையில் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றாமலே திணிப்பவர்கள் ஏராளம். இதிலும் `PCM` வைக்காவிட்டால், டால்பி பிரிக்கத் தெரியாத மலிவு சவுண்ட்பார் ஊமையாகிவிடும். அதுவும் இல்லையென்றால் டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆக்ஸ்.

போனிலிருந்தே நேராக சவுண்ட்பாருக்கு ஆக்ஸ் போடலாம் என்றால் அங்கேதான் போன் கம்பெனிகளின் கைங்கர்யம். 2016-ல் ஐபோன் 7-ல் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையைத் தூக்கியபோது மேடையில் அதற்குத் துணிச்சல் என்று பெயர் சூட்டினார்கள். அதைக் கேலி செய்து விளம்பரம் போட்டவர்களும் பின்னாலேயே தூக்கினார்கள். பத்து ரூபாய் ஓட்டையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ப்ளூடூத் இயர்போனை விற்பதில் துணிச்சல் எங்கே இருக்கிறது, வியாபாரம்தான் இருக்கிறது. இன்று யூஎஸ்பி சி-யிலிருந்து 3.5-க்கு மாற்றும் குட்டிக் கம்பி வாங்க வேண்டும். அதிலும் ஒரு பொறி. பார்க்க ஒரே மாதிரி இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குள் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லு இருக்கும், அது ஏறக்குறைய எல்லா யூஎஸ்பி சி போனிலும் வேலை செய்யும். இன்னொன்று வெறும் கம்பி, போனுக்குள்ளேயே அந்த வசதி இருந்தால்தான் சத்தம் வரும். விலை குறைவு என்று வெறும் கம்பியை வாங்கிவிட்டுப் போன் ரிப்பேர் என்று நினைப்பவர்கள் பலர். வாங்கும்போது உள்ளே `DAC` இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டிய பிறகு 'ங்ஙொய்' என்று ஒரு இரைச்சல் வந்தால் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கவும். இரைச்சல் நின்றுவிட்டால் மின்சாரம் வரும் வழியில்தான் கோளாறு. படம் முடியும்வரை பேட்டரியில் ஓட்டிக்கொள்ளலாம்.